முதல் சுருக்கம் ஹைட்ரஜனுக்கு, இரண்டாம் சுருக்கம் கார்பனுக்கு: வேலூர் வெயிலில் ஒரு யூடியோமீட்டர் கணக்கு

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில், நீட் பயிற்சியில், பி.எஸ்சி. முதலாண்டில் எப்போதாவது இந்தக் கேள்வி வந்து நிற்கும். "12 மி.லி. வாயுநிலை ஹைட்ரோகார்பன் ஒன்று மிகை ஆக்சிஜனுடன் எரிக்கப்பட்டது. குளிர்ந்தபின் இவ்வளவு சுருக்கம். காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்தபின் இன்னும் இவ்வளவு சுருக்கம். வாய்பாடு என்ன?" காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உடனே சமன்பாட்டை எழுதி, நான்கைந்து மாறிகளை வைத்துத் தடவ ஆரம்பிப்பார்கள். தேவையே இல்லை. இரண்டு சுருக்கங்கள் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன என்பது புரிந்தால், வாய்பாடு இரண்டு வரியில் வந்துவிடும். புதிதாகப் படிப்பவர்களுக்காக அதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஹைட்ரோகார்பனும் தூய ஆக்சிஜனும் கலந்த கலவை வெடிக்கும். தடித்த கண்ணாடிக் குழாய்கூடச் சிதறக்கூடும். பாதரசத்தின் ஆவியோ நஞ்சு. வீட்டில் செய்து பார்க்கும் சோதனை இல்லை இது. தடுப்புத் திரையும் பயிற்சி பெற்ற ஆளும் உள்ள ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். நமக்கு வேண்டியது குழாய்க்குள் என்ன நடக்கிறது என்ற படமும், அதன் கணக்கும்.

குழாய்க்குள் நடப்பது

யூடியோமீட்டர் என்பது ஒரு முனை மூடிய, மி.லி. கோடுகள் போட்ட, தடித்த சுவருள்ள கண்ணாடிக் குழாய். மூடிய முனைக்கு அருகே இரண்டு பிளாட்டினக் கம்பிகள் கண்ணாடியைத் துளைத்து உள்ளே நீண்டிருக்கும். குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டியில் கவிழ்த்து வைப்பார்கள். மின்பொறியால் வாயுவை எரித்துக் கனஅளவு பார்க்கும் இந்த முறையை 1770களில் வோல்டா கையாண்டார், மின்கலம் செய்த அதே வோல்டாதான். 1808இல் கே-லுசாக் வாயுக்களின் கனஅளவுகள் எளிய முழுஎண் விகிதத்தில் வினைபுரிகின்றன என்றார். 1811இல் அவகாட்ரோ அதற்குக் காரணம் சொன்னார்: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள். நம் கணக்கு முழுக்க இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. மி.லி. கணக்கை அப்படியே மூலக்கூறு கணக்காக எடுத்துக்கொள்ள அதுதான் அனுமதிச் சீட்டு.

முதலில் ஹைட்ரோகார்பனை உள்ளே விட்டு அளவு குறிப்பார்கள். பிறகு தேவைக்கு அதிகமாக ஆக்சிஜன் விட்டு மொத்த அளவு குறிப்பார்கள். கம்பிகளுக்கு இடையே பொறி பறக்கும், வாயு எரியும். குழாய் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து மறுபடி அளப்பார்கள். இந்தக் குறைவுதான் முதல் சுருக்கம். அடுத்து காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதை உள்ளே செலுத்தினால் கார்பன் டைஆக்சைடை அது உறிஞ்சிக்கொள்ளும். இப்போது வரும் குறைவு இரண்டாம் சுருக்கம். எஞ்சி நிற்பது எரிந்ததுபோக மிச்சமான ஆக்சிஜன்.

படி ஒன்று: சமன்பாட்டை ஒரே ஒருமுறை எழுதுங்கள்

CxHy + (x + y/4) O2 → x CO2 + (y/2) H2O

ஒரு கனஅளவு ஹைட்ரோகார்பனுக்கு (x + y/4) கனஅளவு ஆக்சிஜன் செலவாகும். x கனஅளவு கார்பன் டைஆக்சைடு வரும். நீர் குளிர்ந்து துளியாகிவிடுவதால் அதன் கனஅளவைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறோம். எரிவதற்கு முன் வினைபுரியும் வாயு 1 + x + y/4. எரிந்து குளிர்ந்தபின் வினையில் உண்டான வாயு x மட்டும். கழித்தால்:

முதல் சுருக்கம் (ஒரு கனஅளவு ஹைட்ரோகார்பனுக்கு) = 1 + y/4

x காணாமல் போனதைக் கவனித்தீர்களா? இது தற்செயல் அல்ல. கார்பன் எரியும்போது ஒரு கனஅளவு ஆக்சிஜன் போய் ஒரு கனஅளவு கார்பன் டைஆக்சைடு வருகிறது. ஆக்சிஜன் கணக்கில் விட்ட இடத்தைக் கார்பன் டைஆக்சைடு நிரப்பிவிடுவதால் கனஅளவில் மாற்றம் இல்லை. ஹைட்ரஜன் எரியும்போது அப்படியில்லை. அதற்குப் போன ஆக்சிஜன் நீருக்குள் போய் மறைந்துவிடுகிறது, திரும்பி வருவதில்லை. ஆகவே முதல் சுருக்கத்தில் இருப்பவை இரண்டே: எரிந்து மறைந்த ஹைட்ரோகார்பன், ஹைட்ரஜனுக்காகச் செலவான ஆக்சிஜன். கார்பன் எத்தனை என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இரண்டாம் சுருக்கம் முழுக்கக் கார்பன் டைஆக்சைடு. ஒரு கனஅளவு ஹைட்ரோகார்பனுக்கு அது x. அவ்வளவுதான். ஆக, நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு வரிகள்:

x = இரண்டாம் சுருக்கம் ÷ ஹைட்ரோகார்பன் கனஅளவு

y = 4 × (முதல் சுருக்கம் ÷ ஹைட்ரோகார்பன் கனஅளவு − 1)

எவ்வளவு மிகை ஆக்சிஜன் விட்டார்கள் என்பது இந்த இரண்டிலும் இல்லை. மிகை ஆக்சிஜன் எரிவதற்கு முன்னும் இருக்கிறது, பின்னும் இருக்கிறது, கழித்தலில் அடிபட்டுப் போகிறது. கேள்வியில் "80 மி.லி. ஆக்சிஜன்" என்று பெரிதாகக் கொடுத்திருந்தாலும் அது வந்து பயமுறுத்துகிற விருந்தாளிதான்.

படி இரண்டு: ஒரு கணக்கு, முழுதாக

12 மி.லி. ஹைட்ரோகார்பன். அதோடு 80 மி.லி. ஆக்சிஜன். மொத்தம் 92. பொறியடித்து, குளிரவைத்து அளந்தால் 62 மி.லி. காஸ்டிக் பொட்டாஷுக்குப் பிறகு 26 மி.லி.

முதல் சுருக்கம் 92 − 62 = 30. இரண்டாம் சுருக்கம் 62 − 26 = 36.

x = 36 ÷ 12 = 3. y = 4 × (30 ÷ 12 − 1) = 4 × 1.5 = 6. வாய்பாடு C3H6.

இங்கே ஒரு வழக்கமான வழுக்கல் உண்டு. கேள்வியில் "சுருக்கம்" என்று கொடுக்கிறார்களா, "எஞ்சிய கனஅளவு" என்று கொடுக்கிறார்களா என்று படிக்காமலே எண்ணைப் போட்டுவிடுவது. இந்தக் கணக்கில் 62ஐச் சுருக்கம் என்று எடுத்தால் y ஏறத்தாழ 16.7 வரும். மூன்று கார்பனுக்கு 16 ஹைட்ரஜன் ஒட்டாது என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் எண்கள் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் தவறு நைசாக நழுவிப்போகும். அதனால் நான்கு அளவுகளையும், ஹைட்ரோகார்பன், மொத்தம், குளிர்ந்தபின், பொட்டாஷுக்குப் பின் என்று வரிசையாக எழுதிவிட்டுக் கழிக்கச் சொல்வேன். எழுதாமல் மனதிலேயே கழிப்பவர்கள்தான் பெரும்பாலும் இதில் விழுகிறார்கள்.

படி மூன்று: சரிபார்ப்பு, ஆனால் எல்லாரும் செய்கிற சரிபார்ப்பு அல்ல

விடை வந்ததும் எல்லாரும் ஆக்சிஜனைச் சரிபார்ப்பார்கள். விட்டது 80, மிச்சம் 26, செலவு 54. 54 ÷ 12 = 4.5. வாய்பாட்டின்படி x + y/4 = 3 + 1.5 = 4.5. பொருந்திவிட்டது, விடை சரி என்று பேனாவை மூடிவிடுவார்கள்.

இந்தச் சரிபார்ப்பு கழித்தல் கூட்டலில் பிழை உண்டா என்று மட்டுமே பார்க்கிறது. அளவீட்டில் பிழை உண்டா என்று அது ஒருபோதும் சொல்லாது. ஏன் என்று பாருங்கள். விட்ட ஆக்சிஜன் என்பது மொத்தத்தில் 12ஐக் கழித்தது. மிஞ்சிய ஆக்சிஜன் என்பது மொத்தத்தில் இரண்டு சுருக்கங்களையும் கழித்தது. இரண்டின் வித்தியாசம்: இரு சுருக்கங்களின் கூட்டல் − 12. இன்னொரு பக்கம், 12 × (x + y/4) என்பதில் x, y இரண்டுக்கும் நம் சூத்திரத்தைப் போட்டால் வருவதும் அதே: இரு சுருக்கங்களின் கூட்டல் − 12. இரண்டு பக்கமும் ஒன்றேதான். எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும்.

குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, "இன்னா சார், அப்போ தப்பா அளந்தாலும் ஆக்சிஜன் கணக்கு சரியாத்தான் வருமா?" என்றான். வரும் தம்பி, அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

பாதரசத்துக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்பன் டைஆக்சைடு தண்ணீரில் கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் முக்கால் லிட்டருக்கும் மேல் அந்த வாயுவை வாங்கிக்கொள்ளும். குளிர்கிற நேரத்தில் நம் 36 மி.லி.யில் 3 மி.லி. கரைந்துவிட்டது என்போம். குளிர்ந்தபின் அளவு 62க்குப் பதில் 59. முதல் சுருக்கம் 33. பொட்டாஷுக்குப் பின் அதே 26. இரண்டாம் சுருக்கம் 33. இப்போது x = 2.75, y = 7. ஆக்சிஜன் சரிபார்ப்பு: 2.75 + 1.75 = 4.5. அப்படியே பொருந்துகிறது! விடையோ தப்பு. முதல் சுருக்கத்தில் கூடியது இரண்டாவதில் குறைந்துவிட்டதால் கூட்டல் மாறவில்லை, ஆகவே அந்தச் சரிபார்ப்புக்கு எதுவும் தெரியவில்லை. பாதரசம் நஞ்சு என்று தெரிந்தும் அந்தக் காலத்தில் ஏன் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதுதான் பதில்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? உண்மையில் உதவுகிற அடையாளங்கள் வேறு. x முழு எண்ணாக, அல்லது அதற்கு மிக அருகில் வர வேண்டும். ஹைட்ரோகார்பனில் y இரட்டைப்படையாகத்தான் இருக்கும். கார்பனுக்கு நான்கு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை என்பதால் ஒற்றைப்படை வந்தாலே ஏதோ கோளாறு. மேலே வந்த 7 அப்படித்தான் மாட்டிக்கொண்டது. y எப்போதும் 2x + 2ஐத் தாண்டக்கூடாது. அறை வெப்பநிலையில் வாயுவாக இருக்கும் ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலும் நான்கு கார்பனுக்குள் அடங்கிவிடும் (9.5 டிகிரியில் கொதிக்கும் நியோபென்டேன் போல ஓரிரண்டு ஐந்து கார்பன் ஆட்களும் உண்டு). x = 6 என்று வந்தால் வாய்பாட்டைக் கொண்டாடாமல் அளவுகளைச் சந்தேகியுங்கள்.

ஆய்வகத்தில் இன்னும் நல்ல சோதனை ஒன்று உண்டு: வேறு அளவு ஆக்சிஜனுடன் திரும்பச் செய்வது. 80க்குப் பதில் 70 விட்டாலும் சுருக்கங்கள் 30, 36 ஆகத்தான் இருக்க வேண்டும். மாறினால் ஆக்சிஜன் போதவில்லை, அல்லது எரிதல் முழுமையாகவில்லை.

ஆக்சிஜன் போதுமானதா என்று எப்படித் தெரியும்

கணக்குப் புத்தகத்தில் "மிகை ஆக்சிஜன்" என்று இரண்டு வார்த்தை போட்டு முடித்துவிடுவார்கள். குழாயின் முன் நிற்பவருக்கு அது தானாகத் தெரியாது. என்ன வாயு என்றே தெரியாதபோது எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று எப்படித் தெரியும்? அதனால் தாராளமாக விடுவார்கள், பிறகு மீதி உண்மையிலேயே ஆக்சிஜன்தானா என்று பார்ப்பார்கள். அதற்குக் காரம் கலந்த பைரோகலால் கரைசல். அது ஆக்சிஜனை உறிஞ்சிப் பழுப்பாகும். நம் 26 மி.லி. முழுவதும் அதில் காணாமல் போனால் நல்லது. கொஞ்சம் மிஞ்சினால் அது வேறு வாயு: மாதிரியோடு வந்த நைட்ரஜன், அல்லது ஆக்சிஜன் போதாமல் உண்டான கார்பன் மோனாக்சைடு. குழாய்ச் சுவரில் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஆக்சிஜன் போதவில்லை. பொட்டாஷுக்குப் பிறகு எதுவுமே மிஞ்சவில்லை என்றாலும் அதை நம்பாதீர்கள். சரியாகப் போதுமானதாக இருந்ததா, குறைவாக இருந்ததா என்று பூஜ்யம் சொல்லாது.

வரிசை முக்கியம். பொட்டாஷ் முதலில், பைரோகலால் பிறகு. பைரோகலால் கரைசலில் காரம் இருப்பதால் அது கார்பன் டைஆக்சைடையும் சேர்த்து விழுங்கிவிடும். அதை முதலில் விட்டால் இரண்டு வாயுவும் ஒன்றாகப் போய், x கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும்.

வேலூரில் அளந்தால்

"அறை வெப்பநிலைக்குக் குளிரவிடு" என்பதைப் படிக்கும்போது யாரும் எந்த அறை என்று கேட்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் ஏ.சி. இல்லாத ஆய்வகத்தில் பிற்பகல் 40 டிகிரி என்பது சாதாரணம். கணக்கில் 25 டிகிரியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பிழைகள் இங்கே பல்லைக் காட்டும். இதைத் தெரிந்துகொண்டால் சூத்திரத்தின் எல்லை எங்கே என்பதும் புரியும்.

முதலாவது, நீராவி. நீர் துளியாகிவிட்டது, கனஅளவு பூஜ்யம் என்றோம். ஆனால் நீரின் மேல் எப்போதும் கொஞ்சம் ஆவி நிற்கும். 25 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 24 மி.மீ. பாதரசம். 40 டிகிரியில் 55 மி.மீ. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் காற்றழுத்தம் 740 மி.மீ. அளவில் இருக்கும். அப்போது 62 மி.லி. உலர்ந்த வாயு, நீராவி நிறைந்தபின் 62 × 740 ÷ (740 − 55), அதாவது ஏறத்தாழ 67 மி.லி. இடம் பிடிக்கும். ஆரம்ப 92ஐ உலர்ந்த வாயுவாக அளந்திருந்தால் முதல் சுருக்கம் 30 இல்லை, 25. y = 4 × (25 ÷ 12 − 1) = 4.33. C3H6 ஆக இருந்தது C3H4 பக்கம் சாய்ந்துவிடும். பொட்டாஷ் வலுவான கரைசலாக இருந்து வாயுவை உலர்த்தியும் விட்டால் கடைசி அளவு 26 தான், இரண்டாம் சுருக்கம் 41, x = 3.4. ஆக்சிஜன் சரிபார்ப்போ இப்போதும் 4.5 என்று தலையாட்டும்.

தீர்வு எளிது. ஆரம்பத்திலேயே குழாயின் உள்சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிவிடுவது. அப்போது எரிவதற்கு முன்பிருந்தே வாயு ஈரமாக இருக்கும். எல்லா அளவுகளும் ஒரே மடங்கு பெருத்திருக்கும், விகிதம் எடுக்கும்போது அந்த மடங்கு அடிபட்டுப்போகும். பொட்டாஷுக்குப் பிறகான அளவை மட்டும் மறுபடி ஈரமாக்கி அளக்க வேண்டும், அல்லது ஆவி அழுத்த அட்டவணையைப் பார்த்து எல்லா அளவுகளையும் உலர்வாயுவுக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, நேரம். காலை 32 டிகிரியில் 92 என்று குறித்துவிட்டு, வேறு வேலை பார்த்துவிட்டு மதியம் 40 டிகிரியில் வந்து அளந்தால், 62 இருக்க வேண்டிய இடத்தில் 62 × 313 ÷ 305 = 63.6 இருக்கும். நீராவியை விட்டுவிட்டுப் பார்த்தாலே y 5.5க்கு இறங்கிவிடும். கெல்வினில் எட்டு டிகிரி என்பது இரண்டரை சதவீதம்தான். ஆனால் சுருக்கம் என்பது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம், பெரிய எண்ணில் உள்ள சிறு பிழை வித்தியாசத்தில் பெரிதாகத் தெரியும். பொறியடித்த உடனே அவசரப்பட்டு அளப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்.

மூன்றாவது, பாதரச மட்டம். எரிந்தபின் வாயு சுருங்குவதால் பாதரசம் குழாய்க்குள் ஏறும். உள்மட்டம் வெளிமட்டத்தைவிட 37 மி.மீ. உயரமாக நின்றால் உள்ளே இருக்கும் அழுத்தம் 740 அல்ல, 703. வாயு ஐந்து சதவீதம் பெருத்து, 62 என்பது 65 என்று காட்டும். குழாயைத் தொட்டிக்குள் இறக்கி இரண்டு மட்டங்களையும் சமமாக்கிய பிறகே கோட்டைப் படிக்க வேண்டும்.

நீராவியாகவே அளந்தால்

தேர்வில் பிடித்தமான இன்னொரு கொக்கி: வெப்பநிலை 110 டிகிரி என்று ஒரு ஓரத்தில் எழுதிவிடுவார்கள். இப்போது நீர் துளி இல்லை, வாயு. நீராவியின் y/2ஐயும் எரிந்தபின் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சுருக்கம் 1 − y/4 ஆகிவிடும். நம் C3H6க்கு அது 12 × (1 − 1.5) = −6. அதாவது சுருங்காது, 92 இருந்தது 98 ஆகப் பெருகும். y நான்காக இருந்தால், மீத்தேன், எத்திலீன், புரோப்பைன் எதுவானாலும், கனஅளவு மாறவே மாறாது. "எரிந்தபின் கனஅளவில் மாற்றமில்லை, வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல்" என்று கேள்வி வந்தால் y = 4 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். கார்பனை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, பொட்டாஷ் எண் வேண்டும்.

ஹைட்ரோகார்பன் கனஅளவைக் கொடுக்காவிட்டால்

நம் இரண்டு சூத்திரங்களிலும் ஹைட்ரோகார்பன் கனஅளவு இருக்கிறது. அது இல்லாமல் இரண்டு சுருக்கங்களை மட்டும் கொடுத்தால் தெரியாதவை மூன்று, கையில் இருப்பவை இரண்டு. விடை வராது. ஆனால் "அது ஒரு ஆல்கேன்" என்று கூடுதலாகச் சொல்லிவிட்டால் y = 2x + 2 என்ற மூன்றாவது கை கிடைத்துவிடும். முதல் சுருக்கம் 20, இரண்டாவது 16 என்று எடுங்கள். கனஅளவை V என்போம். V × x = 16. முதல் சுருக்கம் V × (1 + (2x + 2)/4), பிரித்து எழுதினால் 1.5 V + 0.5 Vx = 20. Vxக்கு 16 போட்டால் 1.5 V = 12, V = 8. ஆகவே x = 2, எத்தேன்.

கலவை என்றால்

வீட்டு சிலிண்டர் வாயுவில் முக்கியமாக இருப்பவை புரோப்பேனும் பியூட்டேன்களும். அப்படி ஒரு கலவையில் 10 மி.லி. எடுத்து எரித்து, முதல் சுருக்கம் 33, இரண்டாவது 36 வந்தது என்று கொள்வோம். x = 3.6, y = 4 × 2.3 = 9.2. பின்னம் வந்துவிட்டது. அளவீட்டுப் பிழையா, கலவையா? y = 2x + 2 என்ற உறவு பின்னத்துக்கும் சரியாகப் பொருந்துகிறது: 7.2 + 2 = 9.2. இது அளவுப் பிழையில் எளிதில் நடக்காது. ஆகவே இது ஆல்கேன்களின் கலவை என்று நினைக்க இடமிருக்கிறது. புரோப்பேனும் பியூட்டேனும் மட்டும்தான் என்றால், சராசரி கார்பன் 3.6 வர நூற்றுக்கு 40 புரோப்பேன், 60 பியூட்டேன்.

எதிர்ப்பக்கம் இன்னும் தந்திரமானது. எத்திலீன் C2H4, பியூட்டீன் C4H8. இரண்டையும் சம கனஅளவில் கலந்து 12 மி.லி. எடுத்து எரித்தால் சுருக்கங்கள் 30, 36. நம் C3H6 கொடுத்த அதே எண்கள், கடைசி தசமம் வரை. முழு எண் வந்ததாலேயே மாதிரி தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. யூடியோமீட்டர் சராசரியைத்தான் எண்ணும். தூய மாதிரியே ஆனாலும் C3H6 என்பது புரோப்பீனா வளையபுரோப்பேனா என்றும் அதற்குத் தெரியாது. இரண்டும் ஒரே கனஅளவு ஆக்சிஜனை எடுத்து ஒரே கனஅளவு கார்பன் டைஆக்சைடைத் தரும். புரோமின் நீரின் நிறத்தைச் சட்டென்று போக்குவது புரோப்பீன். அது வேறு சோதனை.

ஒன்று நீங்களே செய்யுங்கள்

8 மி.லி. ஹைட்ரோகார்பன், 64 மி.லி. ஆக்சிஜன். குளிர்ந்தபின் 52. பொட்டாஷுக்குப் பின் 20, அது முழுதும் பைரோகலாலில் மறைந்தது. கீழே படிக்கும் முன் எழுதிப் பாருங்கள்.

முதல் சுருக்கம் 20, இரண்டாவது 32. x = 4, y = 4 × (2.5 − 1) = 6. C4H6. இரட்டைப்படை, 10க்குள் அடங்குகிறது. நிறைவுற்ற நிலைக்கு நான்கு ஹைட்ரஜன் குறைகிறது, ஆகவே இரண்டு இரட்டைப் பிணைப்போ, ஒரு முப்பிணைப்போ, ஒரு வளையத்தோடு ஒரு இரட்டைப் பிணைப்போ இருக்கலாம். 1,3-பியூட்டாடையீன், 1-பியூட்டைன், 2-பியூட்டைன் மூன்றும் இந்த வாய்பாட்டுக்காரர்களே. இவற்றில் 2-பியூட்டைனின் கொதிநிலை 27 டிகிரி. வேலூரில் இந்தக் கணக்கை அதன் மேல் தாராளமாகப் போடலாம். ஊட்டிக் குளிரில் அது குழாய்க்குள் பாதரசத்தின் மேல் திரவமாகக் கிடக்கும், 8 மி.லி. வாயு என்று குறிக்கவே முடியாது.